சீனிச்சம்பலில் கிடந்த மாசித்துண்டும், நள்ளிரவில் நான் எழுதிய பதிலும்

நல்லூர்த் திருவிழாவின் சப்பறத்தன்று இரவு பதினொன்றரை இருக்கும். கடையைக் கழுவிப் பூட்டிவிட்டு வந்து படுத்தபோது போனில் கூகுளிடமிருந்து ஒரு அறிவித்தல். எங்கள் கடைக்குப் புதிதாக ஒரு விமர்சனம், ஒரே ஒரு நட்சத்திரம். "சைவச் சாப்பாடு என்று சொல்லி மாசிக்கருவாடு போட்ட சம்பல் தந்தார்கள். 25 நாளும் விரதம் காக்கும் என் அம்மா அதைச் சாப்பிட்டுவிட்டார். திருவிழா நேரத்தில் ஏமாற்றிப் பிழைக்கும் கடை. ஒருவரும் போக வேண்டாம்." எழுதியவர் யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அன்று விடிய பதினெட்டுப் பார்சல் எடுத்துப் போன ரீச்சர்.

எங்கள் கடை யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கம் இருக்கிற சின்னக் கடை. மேசை ஆறுதான். பாதி வியாபாரம் பார்சலில் போகும். மற்ற நாட்களில் சைவமும் மச்சமும் இரண்டும் சமைப்போம். நல்லூர் கொடியேறினால் தீர்த்தம் முடியும்வரை மச்சம் கிடையாது, அடுப்படிக்குள் மீன் வாசமே வராது. யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த 25 நாளும் எத்தனையோ வீடுகளில் மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் 'இந்தக் கடையில் மாசி போடுகிறார்கள்' என்று ஒருவர் எழுதினால், அது சோறு வேகவில்லை, பரிமாறப் பிந்தியது என்று எழுதுவதைப் போன்றதல்ல. அதனால்தான் எனக்கு உடம்பெல்லாம் பதறியது. அதனால்தான் செய்யக்கூடாத எல்லாவற்றையும் அன்றிரவே செய்தேன்.

முதலில், படுக்கையில் இருந்தபடியே பதில் எழுதினேன். அதை இங்கே அப்படியே தருகிறேன், ஏனென்றால் இதைப் போல ஒன்றை நீங்கள் எழுதக்கூடாது. "எங்கள் கடையில் திருவிழா முடியும்வரை மச்சமே இல்லை. உங்கள் 18 பார்சலையும் நானே நின்று கட்டினேன். வேறு எங்கேயோ வாங்கிய சம்பலை எங்கள் தலையில் போடாதீர்கள். உங்களைப் போல ஒரு ரீச்சர் பொய் எழுதுவது வெட்கம்." நாலே நாலு வசனம். அதற்குள் எத்தனை பிழை இருக்கிறது என்று பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். சட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அவரைப் பொய்க்காரர் ஆக்கியிருக்கிறேன். அதைவிட மோசம், அவர் எழுதாத விஷயங்களை, எத்தனை பார்சல் எடுத்தார், என்ன தொழில் செய்கிறார் என்பதையெல்லாம் ஊர் பார்க்கிற இடத்தில் போட்டிருக்கிறேன். வாடிக்கையாளரின் ஓடரும் அவருடைய வீட்டு விபரமும் கடைக்காரனின் கணக்குக் கொப்பிக்குள் இருக்கவேண்டியவை. பதில் எழுதும்போது, அவர் தானாகச் சொல்லாத ஒன்றையும் நாம் சொல்லக்கூடாது.

அடுத்து, அந்த விமர்சனத்தை நீக்கச் சொல்லி கூகுளுக்கு முறையிட்டேன். அதுவும் நடக்கவில்லை. தூஷணம், மிரட்டல், விளம்பரம், கடைக்குச் சம்பந்தமில்லாத கதை என்று அவர்களுடைய விதிக்கு முரணானதைத்தான் அவர்கள் எடுப்பார்கள். கடைக்காரன் சொல்வது உண்மையா, சாப்பிட்டவர் சொல்வது உண்மையா என்று அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. எங்களுக்குப் பிடிக்காத விமர்சனம் என்பது எடுப்பதற்குக் காரணமாகாது. நாங்களாக அழிக்கவும் முடியாது. எழுதியவர் மட்டும்தான் அதைத் திருத்தலாம், அழிக்கலாம்.

மூன்றாவதுதான் இப்போது நினைத்தாலும் மனம் கூசுவது. கனடாவில் இருக்கும் மச்சானுக்குச் செய்தி போட்டேன். அவரும் அவருடைய கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறு விமர்சனம் போட்டார்கள், ஒவ்வொன்றும் ஐந்து நட்சத்திரம். அதுவரை எங்களுக்கு 23 விமர்சனம் இருந்தது, சராசரி 4.7. ரீச்சருடைய ஒன்று விழுந்ததும் 4.5 ஆகியிருந்தது. ஆறு பேரும் போட்டதும் 4.6க்கு ஏறியது. அந்தப் புள்ளிக்காக நான் செய்தது கள்ளவேலை. கடையில் ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்காதவர்கள் ஒரே இரவில் வந்து புகழ்ந்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தது. மறுநாள் விடிய ரீச்சர் தன்னுடைய விமர்சனத்தைத் திருத்தி இரண்டு விஷயம் சேர்த்திருந்தார். ஒன்று, 'இரவோடு இரவாக வந்த ஐந்து நட்சத்திரங்களைப் பாருங்கள்' என்ற வரி. மற்றது ஒரு படம்: வெள்ளைக் கோப்பையில் ஒரு கரண்டி சீனிச்சம்பல், அதன் பக்கத்தில் விரல்நகம் அளவு பழுப்பு நிறச் செதில்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது வெங்காயம் இல்லை.

வழக்கமாக எங்கள் கடையில் சீனிச்சம்பலை மாமிதான் கிளறுவார். வெங்காயம், செத்தல் மிளகாய்த்தூள், புளி, சீனி, கறுவா, ஏலம், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கிழமை ஓடர் இரண்டு மடங்கு. வெங்காயம் உரிக்கவே ஆள் காணாது. அதனால் வீட்டில் செய்து கடைகளுக்குக் கொடுக்கும் ஒருவரிடம் ஐந்து கிலோ வாங்கினேன். பிளாஸ்டிக் வாளியில் வந்தது. என்னென்ன போட்டது என்று ஒரு துண்டும் ஒட்டியிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை. சீனிச்சம்பல் என்றால் எங்கள் வீட்டுச் சீனிச்சம்பல் என்ற நினைப்பு.

விடிய ஆறு மணிக்குக் கடையைத் திறந்து, மிஞ்சியிருந்த சம்பலில் ஒரு கரண்டி எடுத்து ஒரு கோப்பை சுடுதண்ணீரில் போட்டேன். இதை நீங்களும் செய்து பார்க்கலாம். வெங்காயம் இளகி, எண்ணெயோடு கழன்று, கண்ணாடி மாதிரி விரிந்தது. அடியில் ஏழெட்டுச் செதில்கள் இளகாமல் கிடந்தன. ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினேன். வெங்காயம் என்றால் நசியும். இது விறகுச் சிராய் மாதிரி நார்நாராகப் பிரிந்தது. தண்ணீர் ஆற ஆறப் புகையடித்த மீன் வாசம் மேலே வந்தது. மாசி என்பது சூரை மீனை அவித்துப் புகையில் காயவைத்தது, கட்டை மாதிரி இறுகியிருக்கும். சம்பலின் இனிப்பிலும் உறைப்பிலும் அதன் வாசம் மறைந்துபோகும், சாப்பிடும்போது பல்லில் கடிபட்டால்தான் தெரியும். அந்த வாளியைக் கொடுத்தவருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "ஓம் தம்பி, மாசி போடாமல் சீனிச்சம்பலோ?" என்றார். அவர் என்னை ஏமாற்றவில்லை. தெற்கில் சீனிச்சம்பல் என்றாலே மாசி போட்டுத்தான் கிளறுவார்கள், அவர் கொழும்பில் இருந்து தொழில் பழகியவர். கேட்க வேண்டியது நான்.

அன்று தேர். தெருவெல்லாம் சனம். கடையில் நிற்கவும் முடியவில்லை, வீட்டில் இருக்கவும் முடியவில்லை. பழக்கூடையோடு ரீச்சர் வீட்டுக்கே போய் நிற்கலாம் என்று வெளிக்கிட்டேன். மனைவிதான் மறித்தார். "இரவு அவவைப் பொய்க்காரி எண்டு எழுதிப்போட்டு, விடிய படலையில போய் நிண்டா என்ன நினைப்பா? வீடு நிறைய ஆக்கள் வந்து நிக்கினம். முதல் எழுதின இடத்தில எழுதுங்கோ" என்றார். அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் திருப்பியது. நான் ஊர் பார்க்க அவமானப்படுத்தியிருந்தேன். படலைக்குள் நின்று இரகசியமாகக் கேட்கும் மன்னிப்பு அதற்கு ஈடாகாது.

கூகுளில் ஒரு விமர்சனத்துக்குக் கடைக்காரர் ஒரு பதில்தான் எழுதலாம். திரும்பத் திரும்ப எழுதி வாதாட இடமில்லை. ஆனால் எழுதியதைத் திருத்தலாம். பழையதைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டால், இரவு அதைப் பார்த்தவர்கள், படம் எடுத்து வைத்தவர்கள் எல்லாருக்கும் நான் ஒளிக்கிறேன் என்றுதான் தெரியும். அதனால் முதல் வரியிலேயே பழைய பதில் பிழை என்று எழுத முடிவெடுத்தேன். பதில் எழுதினால் விமர்சனம் போட்டவருக்கும் அறிவித்தல் போகும், அவர் முதலில் காண்பதும் அந்த வரிதான். மூன்று தரம் எழுதினேன். முதல் இரண்டையும் மனைவி வாசித்துவிட்டு வேண்டாம் என்றார். ஒன்றில் திருவிழாக் கூட்டம், ஆள் பற்றாக்குறை என்று நியாயம் சொல்லியிருந்தேன். மற்றதில் சம்பல் தந்தவரின் பெயரைப் போட்டிருந்தேன். ரீச்சர் காசு தந்தது எனக்கு, அவருக்கல்ல. கடைசியாகப் போட்டது இது:

"வணக்கம். நேற்று இரவு இதே இடத்தில் நான் எழுதிய பதில் பிழை. நீங்கள் சொன்னது உண்மை. இந்தக் கிழமை சீனிச்சம்பலைக் கடையில் செய்யாமல் வெளியில் வாங்கினோம். அதில் மாசி இருந்ததை இன்று காலை பார்த்து உறுதிப்படுத்தினேன். வாங்கும்போது கேட்காமல் விட்டது என் பிழை. உங்கள் அம்மாவின் விரதத்துக்கு நேர்ந்ததற்கும், உங்களைப் பொய் சொல்கிறீர்கள் என்று எழுதியதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். மிச்சச் சம்பலைக் கொட்டிவிட்டோம். நேற்றும் முந்தாநாளும் எங்களிடம் சீனிச்சம்பல் வாங்கியவர்களுக்கும் இதை அறிவிக்கிறோம். இனி அதைக் கடையிலேயே மாசி இல்லாமல் செய்வோம். இரவு இங்கே எங்களைப் புகழ்ந்து எழுதியவர்கள் என் உறவினர்கள், அவற்றை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். – கடை உரிமையாளர்."

இதில் காசைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். காசு திருப்பித் தருவதாக அங்கே எழுதினால் வாய்மூடச் சொல்லிக் கொடுப்பது போல் இருக்கும். விமர்சனத்தை மாற்றினால் இலவசம், கழிவு என்று பேரம் பேசுவது கூகுளின் விதிக்கும் விரோதம். திருப்பிக் கொடுக்க வேண்டிய காசைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது தனியாக, ஒரு நிபந்தனையும் இல்லாமல் நடக்க வேண்டும். அவருக்கு வாட்ஸ்அப்பில் சின்னச் செய்தி ஒன்று போட்டேன்: "ரீச்சர், பிழை என்னுடையது. கூகுளில் எழுதியிருக்கிறேன். உங்கள் 6,300 ரூபாவும் கடையில் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் நேரம், சொல்லும் இடத்தில் தருகிறேன். விமர்சனத்தை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை." இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

மற்ற வீடுகளுக்குச் சொல்வது அதைவிடக் கஷ்டம். கொப்பியைப் பார்த்துப் பதினொரு வீட்டுக்குப் போன் எடுத்தேன். அவர்களில் பலருக்கு மாசி இருந்ததே தெரியாது. சொல்லாமல் விட்டால் தெரிந்திருக்கவும் மாட்டாது. ஆனால் 'அறிவிக்கிறோம்' என்று எழுதிவிட்டு அறிவிக்காமல் விட்டால் அந்தப் பதில் முழுவதும் பொய்யாகிவிடும். நாலு பேர் நன்றாக ஏசினார்கள். ஒருவர் ஒன்றும் கதைக்காமல் போனை வைத்தார். ஒரு வீட்டில் அந்தியேட்டிக்குச் சொல்லியிருந்த அறுபது சாப்பாட்டை நிறுத்தினார்கள், முற்பணம் பத்தாயிரத்தையும் திருப்பிக் கொடுத்தேன். ஒரு ஐயா மட்டும், "சொன்னது நல்லது தம்பி, நான் கோயிலில பிராயச்சித்தம் கேக்கிறன்" என்றார். அவருடைய குரல் இன்னும் காதில் நிற்கிறது.

நட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு 22,000, 25,000 ரூபா வந்த கடையில் அடுத்த பத்து நாளும் 14,000 தாண்டவில்லை. தீர்த்தத்தன்று இருபது பார்சல் மிஞ்சியது. கட்டிவைத்த பார்சல் மேசையில் ஆறிக்கொண்டு கிடப்பதைப் பார்த்தால் சமைத்தவருக்குத்தான் அந்த வலி தெரியும். இரவில் நித்திரை இல்லை. எத்தனை தரம் போனை எடுத்து ரீச்சர் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பார்த்தேனோ தெரியாது. இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும்: பதில் போட்ட பிறகு காத்திருக்கும் நாட்களில் திரும்பவும் செய்தி அனுப்பிக் கரைச்சல் கொடுக்காதீர்கள். எனக்குக் கை துருதுருத்தது. அனுப்பவில்லை. அது ஒன்றுதான் நான் அந்தக் கிழமை முதல் தரத்திலேயே சரியாகச் செய்தது.

மச்சான் ஆட்கள் போட்ட ஆறில் நாலைக் கூகுளே எடுத்துவிட்டது. மற்ற இரண்டையும் அவர்களே அழித்தார்கள். சராசரி திரும்ப 4.5. அதைப் பார்த்தபோது கவலையைவிட ஒரு நிம்மதிதான் இருந்தது, அது எங்களுக்கு உரிய கணக்கு.

முதலில் வந்தவர் ரீச்சர் இல்லை. கொக்குவிலில் இருந்து ஒரு பெடியன் வந்து, "அண்ணை, கூகுளில வாசிச்சனான். இப்ப மாசி இல்லைத்தானே?" என்று கேட்டு நாலு பார்சல் எடுத்தான். அன்றுதான் எனக்கு விளங்கியது, அந்தப் பதிலை வாசிப்பவர் ரீச்சர் மட்டுமல்ல, இனிமேல் எங்கே சாப்பிடலாம் என்று தேடுகிற எல்லாரும்தான். சண்டையாக எழுதினால் அவர்கள் என் குணத்தைத்தான் பார்ப்பார்கள். என்ன நடந்தது, என்ன மாற்றினோம் என்று எழுதினால் அதை வந்து சோதித்துப் பார்ப்பார்கள். ஆகவே எழுதியது கடையில் இருக்கத்தான் வேண்டும்.

மாற்றியது பெரிய வேலையல்ல. வெளியில் வாங்கும் சாமான் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். சம்பல், ஊறுகாய், மோர்மிளகாய், பப்படம், அப்பளம், பாண் என்று பதினாலு வந்தது. ஒவ்வொன்றுக்கும் நேராக, தந்தவரிடம் கேட்டேனா, எப்போது கேட்டேன் என்று ஒரு கோடு. கேட்டபோதுதான் ஒரு ஊறுகாயில் இறால்கூனி போட்டிருந்தது தெரிந்தது. அதையும் நிறுத்தினோம். சைவப் பார்சலுக்குப் பச்சை முத்திரை, அதன் கீழே கட்டினவரின் முதல் எழுத்து. இனிக் கொடியேறும் நாளில் இருந்து சமையலறைக்குள் வெளியிலிருந்து சமைத்த எதுவும் வராது. ஓடர் கூடினால் சீனிச்சம்பலை விட்டுத் தேங்காய்ச் சம்பலைக் கூட்டி வைப்போம்.

தீர்த்தம் முடிந்து ஆறாம் நாள் பின்னேரம் ரீச்சரே கடைக்கு வந்தார். நான் எழும்பி நின்றேன். என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்த எல்லாம் மறந்துபோயிற்று. "ரீச்சர், இருங்கோ" என்றேன். இருக்கவில்லை. கடித உறையில் இருந்த காசை நீட்டினேன். எண்ணாமல் வாங்கி, "இது அம்மான்ர பேரில கோயிலுக்குப் போகும்" என்றார். பிறகு, "தம்பி, மாசி இருந்ததுக்கு எனக்குக் கோவம் ஒரு நாள்தான். நீங்கள் என்னைப் பொய்க்காரி எண்டு எழுதினதைத் தாங்கேலாமல் போச்சு. நான் படிப்பிச்ச பிள்ளையள் எல்லாம் அதை வாசிச்சிருக்குங்கள்" என்றார். நான் ஒரு நியாயமும் சொல்லவில்லை. "ஓம் ரீச்சர், நான் எழுதியிருக்கக்கூடாது" என்று மட்டும் சொன்னேன். கோபமாக இருக்கிறவர் சொல்லி முடிக்கும்வரை இடையில் 'ஆனால்' என்ற சொல்லைப் போடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்தது. அவர் போகும்போது அந்தத் தாளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழே வாசித்தார். "பெருங்காயம் கேட்டனீங்களோ?" என்றார். கேட்கவில்லை. அவருக்கு முன்னாலேயே பதினைந்தாவதாக எழுதினேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பார்சல் எடுத்தார். கடை வாசலிலேயே ஒன்றைப் பிரித்து, சம்பலை விரலால் விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்துக்கொண்டு போனார். அடுத்த வெள்ளி நாலு. நாங்கள் விமர்சனத்தைப் பற்றி ஒரு நாளும் கதைக்கவில்லை. ஐப்பசியில் ஒரு நாள் பார்த்தால் அது மூன்று நட்சத்திரமாகியிருந்தது. முதல் எழுதியதில் ஒரு எழுத்தையும் அவர் அழிக்கவில்லை, படமும் அப்படியே இருந்தது. கீழே மட்டும் சேர்த்திருந்தார்: "கடைக்காரர் பிழையை ஒப்புக்கொண்டார். மற்ற வீடுகளுக்கும் சொல்லியிருக்கிறார். இப்போது நான் அங்கே வாங்குகிறேன்." அழித்துவிட்டு ஐந்து போட்டிருந்தாலும் எனக்கு இவ்வளவு உதவியிருக்காது. என்ன நடந்தது என்று முழுவதும் இருக்கிறது, வருகிறவர்கள் இரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டு வருகிறார்கள்.

கந்தசட்டி முடிய இரண்டு நாள் இருக்கும்போது ரீச்சர் போன் எடுத்தார். அம்மா ஆறு நாளும் விரதமாம், சூரன்போருக்கு அடுத்த நாள் விடிய பாறணைக்குப் பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு வேண்டுமாம். "சீனிச்சம்பல் வைக்கட்டோ, வேண்டாமோ ரீச்சர்?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மாமி கிளறினதெண்டா வையுங்கோ" என்றார். அன்றிரவு இரண்டு கிலோ வெங்காயத்தை நானே இருந்து உரித்தேன்.